கடைசி ஸ்லாப் அன்று யாருக்கு நன்றி சொல்வது?

அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் திறப்பு விழாவுக்குப் போனால், அதற்குக் கம்பி கட்டிய ஒருவரைக்கூட அங்கே பார்க்க முடியாது. கம்பி வேலைக்காரர்கள், சென்ட்ரிங் தச்சர்கள், காங்கிரீட் கோஷ்டி எல்லோரும் கடைசி ஸ்லாப் போட்ட கையோடு மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள். அதன் பிறகுதான் பூச்சு, டைல்ஸ், பிளம்பிங், லிஃப்ட், பெயின்ட் எல்லாம். பெரிய கட்டடமென்றால் அதற்கே ஒரு வருடம் ஓடும். ரிப்பன் வெட்டும் நாளில் கைதட்டுபவர்கள் வேறு ஆட்கள். கட்டடத்தை உயரத் தூக்கி நிறுத்தியவர்களை ஒரே இடத்தில் நிற்கவைத்து நன்றி சொல்ல ஒரே ஒரு நாள்தான் உண்டு. அதைத்தான் கட்டுமானத் துறையில் ‘டாப்பிங் அவுட்’ என்கிறார்கள்.

இது ஐரோப்பாவிலிருந்து வந்த வழக்கம். ஜெர்மனியில் கூரைச் சட்டம் ஏறியதும் அதன் உச்சியில் பச்சை வளையமோ சிறு மரமோ கட்டித் தொங்கவிடுவார்கள். தச்சர் ஒருவர் மேலே நின்று வீட்டையும் வீட்டுக்காரரையும் வாழ்த்தி எதுகையோடு பேசுவார். பிறகு மதுவைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வீசுவார். அது உடைந்தால் நல்ல சகுனம். விருந்து வீட்டுக்காரர் செலவு. அமெரிக்காவில் கடைசி எஃகு உத்தரத்தில் தொழிலாளர்கள் கையெழுத்துப் போட்டு, ஒரு சிறு மரத்தையும் தேசியக் கொடியையும் கட்டி மேலே ஏற்றுவார்கள். ஜெர்மன் வழக்கத்தில் பேசுவது தொழிலாளி, கேட்பது முதலாளி. நம் ஊரில் அது தலைகீழ். மைக் புராஜெக்ட் மேனேஜர் கையில் இருக்கிறது. ஆகவே அவர் என்ன பேசுகிறார் என்பதில்தான் விழாவே இருக்கிறது.

பேச்சுக்கு முன்னால் ஒரு நடைமுறைச் சிக்கல். சிறப்பு விருந்தினர் ஒரு சட்டி காங்கிரீட்டைக் கொட்டுவதுதான் இங்கே சடங்கு. விருந்தினர் தாமதமாக வருவார், காங்கிரீட் காத்திருக்காது. ரெடிமிக்ஸ் காங்கிரீட்டை வண்டியில் ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. சித்திரை வெயிலில் அதற்கு முன்பே அது இறுக ஆரம்பித்துவிடும். அனுபவசாலிகள் முந்தைய நாளே ஸ்லாப்பைப் போட்டு முடித்து, கைப்பிடிச் சுவர் ஓரத்தில் ஒரு சிறு இடத்தை மட்டும் விழாவுக்கென்று விட்டுவைப்பார்கள். அதற்குக் கொஞ்சம் காங்கிரீட்டை அங்கேயே கலந்தால் போதும்.

கூட்டத்தையும் மேலே ஏற்றக் கூடாது. புது ஸ்லாப்பை அடியில் ஜாக்கிகள்தான் தாங்கிக்கொண்டிருக்கும். ஐ.எஸ். 456 விதிப்படி, 4.5 மீட்டருக்கு மேல் நீளும் ஸ்லாப்புக்கு 14 நாளும், 6 மீட்டருக்கு மேல் நீளும் பீமுக்கு 21 நாளும் ஜாக்கி நிற்க வேண்டும். அதனால் நாலைந்து பேர் மேலே போய்ச் சடங்கை முடித்துவிட்டு வருவதும், பேச்சும் சாப்பாடும் தரைத்தளத்தில் நடப்பதும்தான் முறை.

இன்னொன்று மொழி. இன்று சென்னையில் ஒரு பெரிய சைட்டில் கம்பி கட்டுபவர்களும் சென்ட்ரிங் ஆட்களும் பெரும்பாலும் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், ஒடிசா பக்கத்தவர்கள். மேனேஜர் தமிழில் பேசினால் ஒரு போர்மேன் பக்கத்தில் நின்று இந்தியில் சொல்ல வேண்டும். நீண்ட வாக்கியமும் அலங்காரமும் அந்த இடத்தில் செத்துவிடும். ஒரு செய்தி, ஒரு நிறுத்தம் என்று போனால்தான் போர்மேனால் பின்னாலேயே வர முடியும். பேச்சுத்தமிழில் பேசச் சொல்வது எளிமைக்காக மட்டும் அல்ல, இந்த வசதிக்காகவும்தான்.

சரி, என்ன பேசுவது? தரைத்தளத்துக்கு மேல் 14 மாடி, கீழே ஒரு பேஸ்மென்ட் உள்ள ஒரு கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் புராஜெக்ட் மேனேஜர் இப்படிப் பேசலாம்:

“எல்லாருக்கும் வணக்கம். வெயில் ஏறிடுச்சு, சாப்பாடும் ரெடி. பத்து நிமிஷத்துக்கு மேல பேச மாட்டேன்.

இந்த இடத்துக்கு மொதல்ல வந்தவங்க மண்ணு வேலைக்காரங்க. அவங்க இப்ப இங்க இல்ல. பேஸ்மென்ட் தோண்டுனப்ப ஐப்பசி மழை. சாயங்காலம் தோண்டி விட்ட குழி காலையில குளமா கெடக்கும். பம்ப் பார்த்துக்கிட்ட ரெண்டு பேர் அந்த மழை முழுக்க ராத்திரி தூங்கல. அவங்க ரெண்டு பேரையும் இன்னிக்கு வரச் சொல்லியிருக்கோம், அதோ பின்னாடி நிக்கிறாங்க. முன்னாடி வாங்கண்ணே.

கம்பி வேலை பார்த்தவங்களுக்குச் சொல்றேன். நீங்க கட்டுன கம்பிய இனிமே யாரும் பார்க்க முடியாது. எல்லாம் காங்கிரீட்டுக்குள்ள போயிடுச்சு. ஆனா நாங்க பார்த்திருக்கோம். ஆறாவது மாடியில, தூணும் பீமும் சேர்ற எடத்துல கம்பி ரொம்ப நெருக்கமா வந்துச்சு. டிராயிங்ல இருக்குன்னு அப்படியே கட்டிட்டுப் போயிருக்கலாம். உங்க மேஸ்திரி கீழ எறங்கி வந்து, ‘சார், இதுக்குள்ள வைப்ரேட்டர் ஊசி போகாது’ன்னு சொன்னார். டிசைன் பண்ண இன்ஜினியரும் கோச்சுக்காம நேர்ல வந்து பார்த்து, கம்பிய ரெண்டு அடுக்கா மாத்திக் கொடுத்தார். சென்ட்ரிங் பிரிச்சப்ப அந்த மூலையில ஒரு ஓட்டை இல்ல. மேஸ்திரி, நன்றி. இன்ஜினியர் சார், உங்களுக்கும் நன்றி.

சென்ட்ரிங் தச்சருங்க. ஏழு நாளைக்கு ஒரு மாடின்னு நாங்க பேப்பர்ல எழுதிட்டோம். எழுதறது சுலபம். மொத மூணு மாடி பத்து நாள் ஆச்சு. அப்புறம் எட்டு. கடைசி நாலு மாடி சொன்னபடி ஏழு. லெவல் பார்க்காம ஓட்டி வந்த ஏழு நாள் இல்ல இது.

நம்ம குவாலிட்டி தம்பிக்கு ஒண்ணு சொல்லணும். பதினோராவது மாடி போடுற அன்னிக்குக் காலையில வந்த மொத வண்டிய ஸ்லம்ப் பார்த்துத் திருப்பி அனுப்பிட்டார். வழியில யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க. ரெண்டு மணி நேரம் எல்லாரும் மேல சும்மா நின்னோம். அன்னிக்கு அவர யாரும் பாராட்டல. இன்னிக்குப் பாராட்டுறேன்.

கிரேன் ஆப்பரேட்டர் இப்பவும் மேலதான் உட்கார்ந்திருக்கார். அண்ணே, வாக்கிடாக்கியில கேக்குதா? உங்க சாப்பாட்டை எடுத்து வெச்சிருக்கோம்.

தண்ணி விட்ட அக்காமாருங்களுக்கு. ஸ்லாப் போட்ட மறுநாள் நாங்க எல்லாரும் அடுத்த மாடிய நெனைக்க ஆரம்பிச்சுடுவோம். பழைய மாடிய நெனைச்சது நீங்க மட்டும்தான். ஞாயித்துக்கிழமையும் பாத்தி காயல.

வேலை இன்னும் முடியல. கடைசி ஸ்லாப்புக்கு அடியில ஜாக்கி நிக்குது, யாரும் கை வெக்காதீங்க. ஊருக்குப் போறவங்க பில்லுக்கு அளவு எடுத்து முடிச்சாச்சு. மேஸ்திரிங்க நாளைக்குக் காலையில ஆபீஸ் வந்து சரிபார்த்துக்குங்க. வாங்க, சாப்பிடலாம்.”

இந்தப் பேச்சில் ‘அயராத உழைப்பு’ இல்லை, ‘கனவு நனவானது’ இல்லை. அந்த வார்த்தைகளை எந்தக் கட்டடத்தின் முன்னாலும் சொல்லலாம் என்பதால் கேட்பவர் காதில் அவை விழுவதே இல்லை. ஆறாவது மாடி மூலையை அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் மட்டும்தான் சொல்ல முடியும்.

அந்த மூலையில் நடந்ததைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காங்கிரீட்டைக் கொட்டினால் மட்டும் அது கம்பிகளுக்கு நடுவே இறங்கிவிடாது. அதிரும் ஊசி ஒன்றை உள்ளே விட்டு எடுத்தால்தான் காற்று வெளியேறி, ஜல்லியும் சிமென்ட் சாந்தும் மூலை முடுக்கெல்லாம் நிறையும். தூணும் பீமும் சந்திக்கும் இடத்தில் இரண்டு பக்கக் கம்பிகளும் குறுக்கே ஓடுவதால் ஊசி நுழைய இடமில்லாமல் போகும். அப்போது சாந்து போகாத ஜல்லி மட்டும் பொந்து பொந்தாக நிற்கும். சைட்டில் அதைத் தேன்கூடு என்பார்கள். சென்ட்ரிங் பிரித்த பிறகுதான் அது கண்ணில் படும். சில நேரம் உள்ளுக்குள்ளேயே இருந்து கண்ணில் படாமலும் போகும். மேலே பூசி மறைத்துவிட்டால் பத்து வருடம் கழித்துக் கம்பி துருப்பிடித்து வெளியே வரும். காங்கிரீட் போடுவதற்கு முன் சொன்னால் அரைநாள் வேலை, பின்னால் தெரிந்தால் உடைப்பதும் திரும்பப் போடுவதுமாக வாரக் கணக்கு. கூலியை டன் கணக்கில் வாங்கும் ஒரு மேஸ்திரி வேலையை நிறுத்திக் கீழே இறங்கி வந்தது அவருக்கு நஷ்டம். அதைப் பலர் முன்னால் சொல்வது வெறும் மரியாதைக்காக இல்லை. அடுத்த சைட்டிலும் யாராவது இப்படி இறங்கி வர வேண்டும் என்றால், இறங்கி வந்தவர் திட்டு வாங்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வண்டியைத் திருப்பி அனுப்பிய தர இன்ஜினியர் கதையும் அதேதான். காங்கிரீட் கெட்டியாக இருந்தால் இறக்குவது கஷ்டம் என்று வழியிலோ சைட்டிலோ தண்ணீர் சேர்ப்பது பழைய வியாதி. தண்ணீர் கூடினால் பலம் குறையும். அந்த வண்டியிலிருந்து எடுக்கும் 15 சென்டிமீட்டர் கியூப்களை உடைத்துப் பார்த்து உறுதியாகத் தெரிந்துகொள்ள 28 நாள் ஆகும். அதற்குள் மேலே இன்னும் மூன்று மாடி ஏறியிருக்கும். கூம்பு அச்சில் நிரப்பிக் கவிழ்த்து, எவ்வளவு சரிகிறது என்று பார்க்கும் ஸ்லம்ப் சோதனை ஒன்றுதான் வண்டி வாசலில் நிற்கும்போதே எச்சரிக்கை தரும்.

சொல்லாமல் விட வேண்டியவையும் உண்டு. ‘ஒரு விபத்துகூட நடக்கவில்லை’ என்று மேடையில் முழங்குவது வழக்கமாகிவிட்டது. உண்மையாக இருந்தால் சொல்லலாம். ஆனால் முன்வரிசையில் விரலில் கட்டுப் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால், அந்த ஒரு வரிக்குப் பிறகு மேனேஜர் சொல்லும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள். கட்டடம் முடிந்துவிட்டது என்றும் சொல்லக் கூடாது. வீடு வாங்கியவர்கள் கூட்டத்தில் இருந்தால், அதைக் கேட்டுவிட்டு அடுத்த மாதமே சாவி கேட்பார்கள்.

வரிசை என்னவோ சின்ன விஷயம் மாதிரித்தான் தெரியும். வழக்கமாக முதலில் முதலாளி, பிறகு ஆர்க்கிடெக்ட், கன்சல்டன்ட், கடைசியில் ‘மற்றும் தொழிலாளர்கள்’. அந்த ‘மற்றும்’ வருவதற்குள் பிரியாணி அண்டாவைத் திறந்துவிடுவார்கள். வேலை நடந்த வரிசையிலேயே, மண்ணிலிருந்து மேலே போனால் இந்தத் தொல்லை இல்லை. முதலாளியும் இதில் குறைப்பட மாட்டார், அவருக்குப் பேச தனியாக நேரம் இருக்கிறது.

பில் பற்றி மேடையில் பேசலாமா என்று சிலர் தயங்குவார்கள். பேசலாம், வேலை நடந்திருந்தால் மட்டும். கம்பிக்கு டன், சென்ட்ரிங்குக்குச் சதுர அடி, காங்கிரீட்டுக்குக் கனமீட்டர் என்று கணக்கு ஒவ்வொன்றும் ஒரு விதம். சைட் இன்ஜினியரும் மேஸ்திரியும் சேர்ந்து அளந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும். கோஷ்டி ரயில் ஏறிய பிறகு அளப்பதென்றால் ஒரு பக்கம்தான் அளக்கும். ஆகவே பேச்சை எழுத உட்காருவதற்கு ஒரு வாரம் முன்பே மேனேஜர் அளவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட வேண்டும்.