மாதம் எவ்வளவு போட்டால் 25 லட்சம் சேரும்?

"பொண்ணு காலேஜ் போறதுக்குள்ள பணம் சேர்க்கணும், மாசம் எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டால், சுற்றியிருப்பவர்களிடமிருந்து சட்டென்று ஒரு பதில் வரும்: "5,000 போடுங்க, போதும்." அந்த 5,000 எப்படி வந்தது என்று கேட்டால் சொல்ல ஆளிருக்காது. சொந்தக்காரர் ஒருவர் அவ்வளவு போடுகிறார், அல்லது சம்பளத்தில் மிஞ்சுவது அவ்வளவுதான். ஆனால் இதற்குத் திட்டவட்டமான கணக்கு உண்டு. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தவர் அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகளுக்கு 6 வயது. 18 வயதில் கல்லூரி. கையில் 12 ஆண்டுகள், அதாவது 144 மாதங்கள். அவர்கள் மனதில் வைத்திருக்கும் படிப்புக்கு, விடுதிச் செலவும் சேர்த்து, இன்றைக்கு 10 லட்சம் ஆகிறது.

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். 10 லட்சத்தை இலக்காக வைத்துக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்த 10 லட்சம் இன்றைய விலை. கட்டணம் கட்டப்போவதோ 12 ஆண்டுகள் கழித்து. கல்விச் செலவு ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறும் என்று வைத்துக்கொண்டால், 10 லட்சத்தை 1.08 ஆல் 12 முறை பெருக்க வேண்டும். 25 லட்சத்துக்குச் சற்று மேல் வருகிறது. எனவே இலக்கு 25 லட்சம். 8 என்பது என் ஊகம். உங்கள் பகுதிக் கல்லூரியில் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் என்ன கட்டணம், இப்போது என்ன என்று விசாரித்தால், உங்களுக்குப் பொருந்தும் ஏற்ற விகிதம் கிடைத்துவிடும்.

இனி மாதத் தொகை. 25 லட்சத்தை 144 ஆல் வகுத்தால் 17,361 ரூபாய். பணத்தை உண்டியலில் போட்டு வைத்தால் இவ்வளவு போட வேண்டும். முதலீட்டில் போட்டால் குறையும். எவ்வளவு குறையும் என்பதற்கு எனக்குப் பிடித்த எளிய வழி, முதலில் 25 லட்சத்தை மறந்துவிடுவது. மாதம் 1 ரூபாய் போட்டால் 144 மாத முடிவில் எவ்வளவு இருக்கும் என்று மட்டும் பார்ப்போம்.

ஆண்டுக்கு 10 சதவீத வருமானம் எதிர்பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 12 ஆல் வகுத்தால் மாதத்துக்கு 0.8333 சதவீதம். முதல் மாதம் போட்ட 1 ரூபாய் 144 மாதமும் வளர்கிறது. முடிவில் அது 3 ரூபாய் 30 காசு. கடைசி மாதம் போட்ட 1 ரூபாய் ஒரே மாதம்தான் வளர்கிறது. அது 1 ரூபாய் 1 காசைக்கூட எட்டாது. நடுவில் போட்டவை நடுவில் நிற்கின்றன. 144 தவணைகளையும் கூட்டினால் 278 ரூபாய் 74 காசு வருகிறது.

மாதம் 1 ரூபாய்க்கு 278.74 கிடைக்கிறது என்றால், 25 லட்சம் கிடைக்க எவ்வளவு போட வேண்டும்? 25,00,000 வகுத்தல் 278.74. விடை 8,969 ரூபாய். அந்த 278.74 கையில் இருந்தால் வேறு எந்த இலக்குக்கும் அதே வகுத்தல்தான். 10 லட்சம் போதும் என்று தவறாக நினைத்தவருக்கு இதே கணக்கில் 3,588 வந்திருக்கும். நிம்மதியாக மாதம் 3,600 போட்டுவிட்டு, கல்லூரி வாசலில் போய் 15 லட்சம் குறைவது தெரியவரும்.

கூட்டலைக் கையால் போட வேண்டியதில்லை. எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் ஒரே வரி:

```
=PMT(10%/12,144,0,2500000,1)
```

முதலில் மாத வருமானம், அடுத்து மாதங்கள், பிறகு ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பணம் (இங்கே 0), இலக்கு. கடைசியில் உள்ள 1, தவணையை மாதத் தொடக்கத்தில் போடுகிறோம் என்பதைக் குறிக்கிறது. விடை −8,969 என்று கழித்தல் குறியோடு வரும். பயப்பட வேண்டாம், அது உங்கள் கையிலிருந்து வெளியே போகும் பணம் என்பதற்கான குறி.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மாதம் 0.8333 சதவீதம் கூட்டு வட்டியாக ஓடினால், ஆண்டு முடிவில் 10 அல்ல, 10.47 சதவீதம் ஆகிவிடும். ஒரு ஃபண்ட் ஆண்டுக்கு 10 சதவீதம் தந்தது என்று விவரத்தாளில் போட்டிருந்தால், அது ஆண்டு முடிவுக் கணக்கு. அதற்குச் சரியான மாத விகிதம் 0.7974. அதை வைத்துப் போட்டால் விடை 9,249. பல கால்குலேட்டர்கள் 12 ஆல் வகுக்கும் வழியைத்தான் பின்பற்றுகின்றன. அதனால் இரண்டு இடங்களில் இரண்டு விடை வந்தால் குழம்ப வேண்டாம். கூடுதலாக வருவதை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஒப்பிட வசதியாக, இனி வரும் கணக்குகளை 12 ஆல் வகுக்கும் வழியிலேயே போடுகிறேன்.

சூத்திரம் பிழை செய்யாது. பிழை, நாம் அதற்குள் போடும் வருமான விகிதத்தில்தான் நுழைகிறது. அதே 25 லட்சத்துக்கு, 8 சதவீதம் என்றால் மாதம் 10,326. 12 சதவீதம் என்றால் 7,758. ஆசை நம்மை 12 பக்கம்தான் இழுக்கும், ஏனென்றால் மாதத் தொகை குறைகிறது. முகவர் நீட்டும் தாளிலும் அந்த விகிதமே தடித்த எழுத்தில் இருக்கும். 12 வரும் என்று நம்பி 7,758 போட்டு வந்தவருக்கு உண்மையில் 9 சதவீதம்தான் கிடைத்தது என்றால், 12 ஆண்டு முடிவில் கையில் இருப்பது ஏறக்குறைய 20 லட்சத்து 14 ஆயிரம். ஒரு மாதம்கூடத் தவணை தவறாமல் கட்டியும் 5 லட்சம் குறைகிறது. பங்குச் சந்தை சார்ந்த ஃபண்டில் முழுவதையும் போடுபவர்கூட 10-க்கு மேல் கணக்கில் எழுதாமல் இருப்பது நல்லது. பாதிப் பணத்தை வைப்புநிதி போன்றவற்றில் வைப்பவர் 8 எழுதட்டும். கூடுதலாகக் கிடைத்தால் அது மகள் மேற்படிப்புக்கு ஆகும்.

"8,969 எங்களால் முடியாதே" என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. சம்பளம் ஆண்டுதோறும் கொஞ்சமாவது ஏறும் என்றால், தவணையையும் ஆண்டுக்கு 10 சதவீதம் ஏற்றிக்கொண்டே போகலாம். அப்படியானால் முதல் ஆண்டு மாதம் 5,630 போட்டால் போதும். ஆனால் 12-ஆம் ஆண்டில் அது 16,000-ஐத் தாண்டியிருக்கும். அந்த வயதில் வீட்டுக்கடன், பெற்றோர் மருத்துவம் எல்லாம் சேர்ந்து நிற்கும் என்பதையும் யோசித்துக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும். தள்ளிப்போடுவது மட்டும் வழியே அல்ல. 5 ஆண்டு கழித்துத் தொடங்கினால் மீதம் 84 மாதங்கள்தான். அதே 10 சதவீதத்தில் மாதம் 20,499 தேவைப்படும்.

கணக்கை ஒருமுறை போட்டு அலமாரியில் வைத்துவிடுவது அடுத்த தவறு. சந்தை ஒவ்வோர் ஆண்டும் சமமாக 10 தராது. ஓர் ஆண்டு 25, ஓர் ஆண்டு கழித்தல் 8 என்றுதான் போகும். அதனால் வழியில் மைல்கல் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். 8,969 போட்டு வரும் நம் குடும்பத்துக்கு, 5 ஆண்டு முடிவில் கணக்குப்படி 7 லட்சம் இருக்க வேண்டும். ஆனால் அறிக்கையைத் திறந்து பார்த்தால் 5,80,000தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மீதமுள்ள 84 மாதங்களையும், கையில் உள்ள பணத்தையும் வைத்துப் புதிதாகப் போட வேண்டும்:

```
=PMT(10%/12,84,-580000,2500000,1)
```

இருக்கும் பணத்துக்குக் கழித்தல் குறி அவசியம். விட்டுவிட்டால் அதைக் கடனாக எடுத்துக்கொண்டு தவணையை ஏகத்துக்கும் ஏற்றிக் காட்டும். இப்போது விடை சுமார் 10,950. மாதம் 2,000 ரூபாய் கூடுதலாகப் போட்டால் பழைய பாதைக்கு வந்துவிடலாம். இதையே 10-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தால் ஈடுகட்ட மாதங்கள் இருக்காது. ஆண்டுக்கு ஒரு நாள், பிள்ளையின் பிறந்தநாளையே வைத்துக்கொள்ளலாம், இந்த ஒரு வரியை மறுபடி ஓடவிடுங்கள். கல்லூரிக் கட்டணம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியிருந்தால் 25,00,000 என்ற எண்ணையும் அப்போதே மாற்றுங்கள்.

கடைசி மூன்று ஆண்டுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். 11 ஆண்டு முடிவில் கணக்குப்படி ஏறக்குறைய 21 லட்சத்து 60 ஆயிரம் சேர்ந்திருக்கும். அந்த நேரத்தில் சந்தை 20 சதவீதம் விழுந்தால் 4 லட்சத்து 30 ஆயிரம் போய்விடும். அது நான்கு ஆண்டுத் தவணை. முதல் ஆண்டில் இதே சரிவு வந்தால் சில ஆயிரம்தான் போகும், மீண்டு வரவும் காலம் இருக்கும். 2020 ஜனவரியில் 12,300-ஐத் தாண்டிய நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்தது. அந்த மார்ச்சில் கட்டணம் கட்ட விற்க வேண்டியிருந்த பெற்றோருக்கு, பின்னால் சந்தை மீண்டதால் ஒரு பயனும் இல்லை. ஆகவே 15 வயதிலிருந்தே பணத்தைச் சிறிது சிறிதாக வைப்புநிதிக்கோ குறுகிய காலக் கடன் ஃபண்டுக்கோ மாற்றத் தொடங்க வேண்டும். அந்த ஆண்டுகளுக்கான கணக்கில் வருமானத்தை 10 என்று எழுதாமல் 6 அல்லது 7 என்று எழுத வேண்டும். மாதத் தொகை கொஞ்சம் கூடும்.

வரியையும் இப்போதே பார்த்துவிடுவோம். 12 ஆண்டில் நம் குடும்பம் கையிலிருந்து போட்டது சுமார் 12 லட்சத்து 92 ஆயிரம். மீதி 12 லட்சத்து 8 ஆயிரம் லாபம். 2024 ஜூலை 23-க்குப் பிறகான விதிப்படி, பங்கு சார்ந்த ஃபண்டில் ஓராண்டுக்கு மேல் வைத்து விற்கும்போது, ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி. மொத்தத்தையும் ஒரே ஆண்டில் எடுத்தால், செஸ் நீங்கலாக, ஏறக்குறைய 1 லட்சத்து 35 ஆயிரம் வரியாகப் போகும். மூன்று நான்கு நிதியாண்டுகளில் பிரித்து எடுத்தால் அந்த 1.25 லட்சம் விலக்கு ஒவ்வோர் ஆண்டும் கிடைக்கும். கடைசி ஆண்டுகளில் பாதுகாப்புக்காகப் படிப்படியாக மாற்றுபவருக்கு இந்தச் சலுகை தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது.