எந்த அட்டை எங்கே? ஈமானின் ஆறு நம்பிக்கைகள்

இஸ்லாத்தில் கடமைகள் ஐந்து, நம்பிக்கைகள் ஆறு. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். மக்தபுக்குப் போகும் பிள்ளை ஆறையும் அரபியில் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடும். நோன்பு அதில் வருமா என்று கேட்டால் யோசிக்கும்.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிவிடலாம். உமர் அவர்கள் அறிவித்த ஒரு ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. வெண்ணிற ஆடை அணிந்த ஒருவர் நபிகள் நாயகத்தின் சபைக்கு வருகிறார். பயணக் களைப்பின் அடையாளமே அவரிடம் இல்லை. ஆனால் அங்கிருந்த யாருக்கும் அவரைத் தெரியவில்லை. இஸ்லாம் எது என்று கேட்கிறார். கலிமா, தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ் என்று ஐந்து செயல்களை நபிகள் சொல்கிறார்கள். ஈமான் எது என்று அடுத்துக் கேட்கிறார். அல்லாஹ், மலக்குகள், வேதங்கள், தூதர்கள், இறுதி நாள், கத்ர் எனும் இறை நிர்ணயம் ஆகிய ஆறையும் நம்புவது என்று பதில் வருகிறது. அவர் போன பிறகு, வந்தவர் ஜிப்ரீல் என்றும், மார்க்கத்தைக் கற்றுத்தர வந்தார் என்றும் நபிகள் விளக்குகிறார்கள்.

இனி அட்டைகளுக்கு வருவோம். நம்பிக்கைக்கு இரண்டாக 12 அட்டைகள், எதிலும் சேராத இரண்டு, மொத்தம் 14. மேசைமேல் ஆறு தாள்களை விரித்து ஒவ்வொன்றிலும் ஒரு தலைப்பு எழுதுங்கள். தரையில் பரப்ப வேண்டாம். செருப்புப் பெட்டிகளையும் பயன்படுத்த வேண்டாம். இறைவனின் பெயர் எழுதியது காலடியில் கிடப்பது முஸ்லிம் வீட்டுப் பிள்ளையின் மனத்தைப் புண்படுத்தும். இறைவனையோ நபிமார்களையோ மலக்குகளையோ படமாக வரையச் சொல்வதும் கூடாது. எழுத்து மட்டும் போதும்.

சில அட்டைகள் தயக்கமின்றிப் போய்ச் சேரும். ‘அவனுக்கு இணை யாரும் இல்லை’ என்பது முதல் தாளுக்கு. ‘மனிதர் செய்யும் நன்மை தீமைகளைப் பதிவு செய்கிறார்கள்’ என்பது மலக்குகளுக்கு. ‘தவ்ராத், ஸபூர், இன்ஜீல், குர்ஆன்’ என்பது வேதங்களுக்கு. ‘நூஹ், இப்ராஹீம், மூஸா, ஈஸா, முஹம்மது’ என்பது தூதர்களுக்கு.

எதிலும் சேராத இரண்டு: ‘ரமலானில் நோன்பு வைத்தல்’, ‘ஜகாத் கொடுத்தல்’. நோன்புக்கு மறுமையில் நற்கூலி உண்டு என்பதால் பல பிள்ளைகள் அதை இறுதி நாள் தாளில் வைப்பார்கள். தவறு என்று சொல்லி எடுத்துவிடாதீர்கள். இது மனம் நம்புவதா, உடல் செய்வதா என்று மட்டும் கேளுங்கள். அட்டையை அவர்களே வெளியே எடுத்து வைப்பார்கள்.

இந்த விளையாட்டின் உயிர், ஒரே தாளில் அடங்காத அட்டைகளில்தான் இருக்கிறது. ‘குர்ஆன் வசனங்களை ஜிப்ரீல் முஹம்மது நபியிடம் கொண்டுவந்தார்’ என்பது ஒன்று. ஒரு பிள்ளை மலக்குகள் என்பான், இன்னொருத்தி வேதங்கள் என்பாள், மூன்றாவது பிள்ளை தூதர்கள் என்று வாதாடும். மூவர் சொல்வதும் சரி. செய்தி அல்லாஹ்விடமிருந்து வருகிறது; மலக்கு சுமந்து வருகிறார்; தூதர் மக்களிடம் சேர்க்கிறார்; அது வேதமாக நிற்கிறது; அதில் சொல்லப்படும் பெரிய எச்சரிக்கை இறுதி நாள். ஆறும் தனித்தனிச் சங்கதிகள் அல்ல, ஒன்றைப் பிடித்து ஒன்று நிற்பவை என்பதை அந்த ஓர் அட்டையே காட்டிவிடும். மூன்று தாள்களையும் தொடும்படி அதைக் குறுக்கே வையுங்கள்.

கடினமான அட்டை கத்ருக்கு உரியது: ‘படிக்காமல் போனேன், தேர்வில் தோற்றேன்.’ எல்லாம் இறைவன் விதித்தது என்றால் என் தவறு எங்கே என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய இடம் இது. நடப்பதெல்லாம் இறைவனின் அறிவுக்கும் நாட்டத்துக்கும் உட்பட்டது. ஆனாலும் தேர்ந்தெடுப்பதற்கு மனிதனே பொறுப்பு. அதனால்தான் இறுதி நாளில் விசாரணை இருக்கிறது. உமர் அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது சிரியாவுக்குப் போகும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வருகிறது. கலந்து பேசித் திரும்ப முடிவெடுக்கிறார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா கேட்கிறார். ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கு என்கிறார் உமர். ஒட்டகங்களோடு ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறீர்கள்; ஒரு பக்கம் பசுமை, மறு பக்கம் வறட்சி; எங்கே மேய்த்தாலும் அது இறைவன் விதித்தபடிதானே என்று விளக்குகிறார். இதைச் சொன்ன பிறகு தேர்வு அட்டையை மறுபடி பிள்ளைகள் கையில் கொடுங்கள். கத்ர் தாளுக்கும் இறுதி நாள் தாளுக்கும் நடுவில் அதை வைக்கும் பிள்ளைக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

ஆறு என்ற இந்தப் பட்டியல் சுன்னி முஸ்லிம்களுடையது. ஷியாக்களில் பெரும்பான்மையோர் மார்க்கத்தின் வேர்களாக ஐந்தைச் சொல்வார்கள்: ஏக இறைவன், அவனுடைய நீதி, நபித்துவம், இமாமத், மறுமை. மலக்குகளையும் வேதங்களையும் அவர்களும் நம்புகிறார்கள்; எண்ணுகிற முறைதான் வேறு. வகுப்பில் ஷியா குடும்பத்துப் பிள்ளை இருந்து ஐந்து என்று சொன்னால், தவறு என்று குறிக்காமல் பக்கத்தில் இன்னொரு தாள் வரிசையை விரியுங்கள். எந்த அட்டைகள் இரண்டு வரிசையிலும் பொருந்துகின்றன என்று பிள்ளைகளே பார்க்கட்டும்.