மஞ்சளுக்குள் இரண்டு கோடுகள்

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் எரியும் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒரே நிறமில்லை. 589.0, 589.6 நானோமீட்டர் என இரு அலைநீளங்கள் அதில் ஒட்டிக்கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டும் கருவி கீற்றணி.

மில்லிமீட்டருக்கு 600 கோடுகள் கொண்ட கீற்றணியை எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடைவெளி சுமார் 1667 நானோமீட்டர். ஒளி நேராக விழும்போது, வரிசை எண்ணை அலைநீளத்தால் பெருக்கி இந்த இடைவெளியால் வகுத்தால் விலகு கோணத்தின் சைன் கிடைக்கும். முதல் வரிசை சுமார் 20.7 பாகையிலும், இரண்டாவது 45 பாகையிலும் தெரியும். மூன்றாவதுக்குச் சைன் 1.06 என வருகிறது. சைன் ஒன்றைத் தாண்டாது. ஆகவே இரண்டாம் வரிசையே கடைசி. 1667-ஐ 589-ஆல் வகுத்தால் 2.83, பலர் இதை மூன்றாக்கிவிடுகிறார்கள். பின்னத்தை வெட்டிவிட வேண்டும், மேலே ஏற்றக் கூடாது.

இனி பிரிப்பது. 589-ஐ 0.6-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1000. ஒளி படும் கோடுகளின் எண்ணிக்கையை வரிசை எண்ணால் பெருக்கினால் குறைந்தது இவ்வளவு வர வேண்டும். இரண்டாம் வரிசையில் 500 கோடுகள், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமே போதும்.

அப்படியும் கண்ணுக்கு ஒரே கோடாகத் தெரிந்தால், கீற்றணியைக் குறை சொல்வதற்கு முன் பிளவைப் பாருங்கள். இரண்டாம் வரிசையில் இரு கோடுகளுக்கும் நடுவே இருப்பது சுமார் மூன்றரை கலைதான். முதல் வரிசையில் அதில் பாதிகூட இல்லை. பிளவு அகலமாக இருந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். தொலைநோக்கியை இரண்டாம் வரிசையில் நிறுத்தி, பிளவை மெல்லக் குறுக்கிக்கொண்டே வாருங்கள். ஒளி மங்கும், கோடு இரண்டாகும்.