பயிற்சியாளரின் பருவ அறிக்கை

கபடிக் குழுவின் பயிற்சியாளர் பருவ முடிவில் நிர்வாகக் குழுவுக்குத் தரும் அறிக்கை வருகை, ஆட்ட முடிவுகள், வீரர்களின் முன்னேற்றம் ஆகிய மூன்றையும் இணைத்துப் பார்க்க வேண்டும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் ஏமாற்றக்கூடும்.

எடுத்துக்காட்டாக, 20 வீரர்கள் கொண்ட குழு 80 நாள் பயிற்சி செய்தால் மொத்த வருகை 1,600 ஆக இருக்க வேண்டும். பதிவேட்டில் 1,200 இருந்தால் அது 75 சதவீதம். இது நல்ல கணக்காகத் தோன்றும். ஆனால் முதன்மை ரெய்டர்கள் மூவர் பாதி நாட்களே வந்திருப்பதை இந்தச் சராசரி மறைத்துவிடும். அதனால் வருகையை ஆள்வாரியாகத் தருவதே முறை.

அக்குழு 14 ஆட்டங்களில் 8 வென்று 6 தோற்றது எனக் கொள்வோம். தோற்றவற்றில் நான்கில் முதல் 20 நிமிடப் பாதியில் முன்னிலை வகித்திருந்தால், குறை ஆட்ட நுணுக்கத்தைவிடத் தாக்குப்பிடிக்கும் திறனில் இருக்க வாய்ப்பு அதிகம். ரெய்டர்கள் தவறவிட்டவை ஓட்டப் பயிற்சி நாட்கள்தான் என்று பதிவேடு காட்டினால் அந்த ஐயம் வலுப்படும்.

முன்னேற்றத்தை விகிதத்தால் அளக்க வேண்டும். ஒரு ரெய்டர் தொடக்கத்தில் 40 ரெய்டுகளில் 14 முறையும், இறுதியில் 60 ரெய்டுகளில் 27 முறையும் புள்ளி எடுத்தால், வெற்றி விகிதம் 35 சதவீதத்திலிருந்து 45 ஆகிறது. எதிரணிகளின் வலிமை வேறுபட்டிருந்தால் இந்த ஒப்பீடு செல்லாது. அதையும் அறிக்கை குறிப்பிட வேண்டும்.

இறுதியில் வருவது கோரிக்கை: ஓட்டப் பயிற்சியை வேலைக்குச் செல்வோரும் வரக்கூடிய நேரத்துக்கு மாற்ற ஒப்புதல்.