அப்பாவின் போனில் ஒரு கதை

மறைமலையடிகள் ‘கோகிலாம்பாள் கடிதங்க’ளை முழுக்கக் கடிதங்களாகவே எழுதினார். இன்று அந்த வேலையை வாட்ஸ்அப் குரூப்பை வைத்துச் செய்யலாம். இந்த வகைக் கதையில் எழுத்தாளர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, வாசகர் யாருடைய போனைப் பார்க்கிறார் என்பதை. அந்த ஆளுக்குத் தெரிவதுதான் நமக்கும் தெரியும்.

ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம். போன் அப்பாவுடையது. அதில் மகள் ‘பெரியவள்’, மகன் ‘சின்னவன்’, மருமகன் ‘மாப்பிள்ளை’. அம்மாவின் எண் ‘வீடு’ என்று இருக்கிறது. அந்தத் தலைமுறை ஆண்கள் பலர் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று தனியாக விளக்கத் தேவையே இல்லை.

குரூப்பில் மாவடு பற்றிப் பேச்சு ஓடுகிறது. இரவு 9.14-க்குப் பெரியவள் எழுதுகிறாள்: “புரோக்கர்கிட்ட வீட்டு விலை பேசியாச்சு. அப்பாகிட்ட மூச்சு விடாதே. அட்வான்ஸ் கைக்கு வரட்டும்.” தம்பிக்குத் தனியாகப் போக வேண்டியது, இங்கே வந்துவிட்டது.

9.15, சின்னவன்: “அக்கா, குரூப்பைப் பாரு!”

இங்கே பல கதைகள் அவளை உடனே அழிக்க வைத்துத் தப்பவிடும். அதைவிட நல்ல வழி, பதற்றத்தில் அவள் தனக்கு மட்டும் அழித்துவிடுவது. அவள் திரையில் செய்தி போய்விட்டது. மற்றவர்கள் திரையில் அப்படியே இருக்கிறது. எல்லோருக்குமாக அழிக்க இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் உண்டு, ஆனால் தொட்டு அழிக்க அவளிடம் செய்தியே இல்லை. தப்பித்த நினைப்பில் 9.17-க்கு எழுதுகிறாள்: “அம்மா, மாவடுக்கு உப்பு எத்தனை கிலோ?” இதே கதையை அவள் போனில் காட்டினால் இந்த அசட்டுத்தனம் நமக்குத் தெரியாமலே போகும்.

பிறகு பதினான்கு நிமிடம் யாரும் எழுதுவதில்லை. யார் யாரைக் கூப்பிட்டார்கள், யார் கத்தினார்கள் என்பதை அந்த இடைவெளியே சொல்லிவிடும். எழுதிக் காட்ட ஆசைப்படக் கூடாது.

மாப்பிள்ளை அந்தக் குரூப்பின் அட்மின். 2022-லிருந்து அட்மின் மற்றவர் செய்தியையும் எல்லோருக்குமாக அழிக்கலாம். ஆனால் யார் அழித்தது என்ற வரி அவர் பெயரோடு அங்கே நிற்கும். 9.31-க்கு அழிக்கிறார்.

9.33, வீடு: “மாப்பிள்ளை, என்னத்தை அழிச்சீங்க?”

அம்மா செய்தியைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரிவது மாப்பிள்ளை பெயர் மட்டும். பெரியவள் இப்போது உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் புருஷன் தலையில் பழி விழட்டும் என்று இருக்க வேண்டும். செய்தி தவறிப்போனதை விட இந்த இக்கட்டுதான் எனக்குக் கதையாகப் படுகிறது. அவள் எழுதுகிறாள்: “ஏதோ ஃபார்வர்டும்மா.”

கடைசியில் அப்பா. அவர் கோபித்துப் பத்தி பத்தியாக எழுதினால் கதை மேடைப் பேச்சாகிவிடும். அவர் ஒரே வரி கேட்டால் போதும்.

9.40, அப்பா: “எவ்வளவுக்குப் பேசியிருக்கு?”