பிடிகொழுக்கட்டையும் சாய்வெயிலும்

பாட்டியும் பேத்தியும் சேர்ந்து சமைக்கிற படங்களில் பல ஒட்டாமல் போவதற்குக் காரணம் கைகள்தான். ஒரே கரண்டியை இருவரும் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். வீட்டில் யாரும் அப்படிச் சமைப்பதில்லை. கைகள் இயல்பாக அமைய வேண்டுமென்றால் அவற்றுக்கு உண்மையான வேலை வேண்டும். அதற்குப் பிடிகொழுக்கட்டையைவிடப் பொருத்தமான பலகாரத்தை நான் கண்டதில்லை.

ஒரு டம்ளர் அரிசி ரவைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் தாளித்து, தண்ணீர் கொதித்ததும் உப்பு, தேங்காய்த் துருவல், ரவை சேர்த்துக் கிளறி இறக்கினால், சற்று நேரத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். இனி குழந்தை அடுப்பருகே போக வேண்டியதில்லை. தாம்பாளத்தை நடுவில் வைத்து இருவரும் தரையில் உட்காரலாம்.

குழந்தை மாவை எடுத்துப் பயந்து பயந்து பிடிக்கும். "நல்லா அழுத்திப் பிடி கண்ணு, இல்லேன்னா ஆவியில உதிர்ந்துடும்" என்று பாட்டி அந்தச் சின்ன விரல்களின் மேலேயே தன் விரல்களை வைத்து அழுத்துவார். படமெடுக்க வேண்டியது அப்போதுதான். ஆனால் முதல் நாலைந்து கொழுக்கட்டைகளை எடுக்காமல் விட்டுவிடுங்கள். ஃபோன் இருப்பதைக் குழந்தை மறக்க அவ்வளவு நேரமாவது ஆகும்.

உட்காரும் இடம் மேற்கு ஜன்னல் ஓரமாக, நேரம் மாலை நாலரைக்கு மேல் இருக்கட்டும். சாய்வெயில் பக்கவாட்டில் விழுந்தால் பாட்டியின் கைச்சுருக்கமும் குழந்தையின் விரலில் ஒட்டிய மாவும் தனித்தனியாகத் தெரியும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நீங்கள் நின்றால் எல்லாம் தட்டையாகிவிடும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். அதன் நீலம் கலந்த வெள்ளை வெயிலோடு சேர்ந்தால், கையின் ஒரு பக்கம் பொன்னிறமாகவும் மறுபக்கம் வெளிறியும் போகும்.

இத்தனைக்குப் பிறகும் படத்தில் மஞ்சள் வெயில் காணவில்லையென்றால் ஃபோன்தான் காரணம். மஞ்சள் சாயலைக் குறையென்று எடுத்துக்கொண்டு அது தானாகவே திருத்திவிடுகிறது. ப்ரோ மோடு இருந்தால் வைட் பேலன்ஸை 5500 கெல்வினில் நிறுத்துங்கள், வெயிலின் நிறம் அப்படியே நிற்கும். ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் குறைந்தால் அசையும் விரல்கள் கலங்கிவிடும். திரையில் கை தெரியும் இடத்தை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். வெள்ளை மாவில் விரல் தடம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் வெளிச்சம் இன்னும் அதிகம் என்று பொருள்.

இருவரும் குனிந்தே இருப்பதால் முகம் பாதிதான் விழும். அதற்காக "இங்கே பாருங்க" என்று கூப்பிடாதீர்கள். கூப்பிட்டதும் கை நின்றுவிடும்.