திருப்பி அனுப்பப்பட்ட ஃபேன் காயில் சப்மிட்டல்

ஃபேன் காயில் யூனிட் என்பது பொய்க்கூரைக்கு மேலே உட்காரும் சிறு குளிர்விப்பான். குளிர்நீர் ஓடும் சுருள்குழாய் வழியே விசிறி காற்றைத் தள்ள, அறை குளிர்கிறது. இதை வாங்கும் முன் ஒப்பந்ததாரர் அதன் விவரத்தாள்களை ஆலோசகரிடம் ஒப்புதலுக்குத் தர வேண்டும். அந்தத் தொகுப்புதான் சப்மிட்டல். அது விவரக்குறிப்புக்குப் பொருந்தாதபோது நிராகரிப்புக் கடிதம் போகிறது.

ஓர் ஓட்டல் அறையை எடுத்துக்கொள்வோம். விவரக்குறிப்பு கேட்டது 4.5 கிலோவாட். ஒப்பந்ததாரர் தந்த கேட்லாக்கில் 4.8 என்று இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் போதும்போலத் தோன்றும். ஆனால் அடிக்குறிப்பைப் படித்தால் கதை மாறும். அந்த 4.8 கிலோவாட், 27 டிகிரி காற்று உள்ளே வரும்போது, விசிறி உச்ச வேகத்தில் ஓடும்போது, காற்றுக்குழாயின் எதிர்ப்பே இல்லாதபோது கிடைப்பது. விவரக்குறிப்போ 24 டிகிரி காற்றுக்கு, நடுவேகத்தில், 30 பாஸ்கல் எதிர்ப்பைத் தாண்டி 4.5 கேட்கிறது. காற்றுக்கும் 7 டிகிரி நீருக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கினால் சுருள் எடுக்கும் வெப்பமும் குறையும். வேகம் குறைந்தால் இன்னும் குறையும். யூனிட் 4.5-ஐ எட்ட வாய்ப்பில்லை.

ஒலி விவரத்திலும் இதே குறைதான். தாளில் '38 டெசிபல்' என்ற ஒற்றை எண் மட்டும் இருக்கிறது. எந்த வேகத்தில், எவ்வளவு தொலைவில் என்ற குறிப்பில்லை. அது யூனிட் வெளியிடும் ஒலித்திறனா, அறையில் காதுக்கு எட்டும் ஒலியழுத்தமா என்பதும் தெரியவில்லை. இரண்டும் டெசிபலிலேயே சொல்லப்படுவதால் குழப்பம் எளிதில் வரும். படுக்கையறைக்குக் கேட்டிருப்பது NC 30. அந்த வரைகோட்டில் அதிர்வெண் பட்டைக்குப் பட்டை வரம்பு மாறும்: 250 ஹெர்ட்சில் 41 டெசிபல், 1000 ஹெர்ட்சில் 31. ஒற்றை எண்ணுக்குள் தாழ்ந்த ரீங்காரம் மறைந்துவிடும். விருந்தினரின் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த ரீங்காரம்தான். ஆகவே பட்டைவாரியான ஒலித்திறன் அட்டவணை, கேட்ட வேகத்துக்கே, தேவை.

நல்ல நிராகரிப்புக் கடிதம் 'விவரக்குறிப்புப்படி இல்லை' என்று ஒரு வரியில் முடியாது. எந்தப் பிரிவு, கேட்டது என்ன, தந்தது என்ன, திரும்ப எதைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று எண்ணோடு சொல்லும். மேற்கண்ட கடிதத்தின் மையப்பகுதி இப்படி அமையலாம்:

"தரப்பட்ட 4.8 கிலோவாட் விவரக்குறிப்பின் நிபந்தனைகளுக்கு உரியதல்ல. 24 டிகிரி காற்று, நடுவேகம், 30 பாஸ்கல் என்ற நிலையில் உற்பத்தியாளரின் தேர்வுத்தாளையும், அதே நிலையில் பட்டைவாரியான ஒலித்திறனையும் சமர்ப்பிக்கவும். அதுவரை கொள்முதல் ஆணை இடவேண்டாம்."

எந்த மாடலை வாங்குவது என்று கடிதம் சொல்லாது. சொன்னால் தேர்வின் பொறுப்பு ஆலோசகர் தலையில் விழும். அநேகமாக அடுத்த பெரிய யூனிட்டை மெதுவாக ஓட்டுவதே தீர்வாகும். அது பொய்க்கூரைக்கு மேலுள்ள இடைவெளியில் அடங்குமா என்பதைக் காட்ட, திருத்திய வரைபடமும் மறுசமர்ப்பிப்போடு வர வேண்டும்.